பாப்பாவுக்கு, நீடாமங்கலத்திலிருந்து

பாப்பா,

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் பாதியில் விட்டுவிடுவாய் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன். தீபாவளிக்கு நீ வராததைப் பற்றி எழுதப்போவதில்லை, அம்மா அதைப் போதுமான அளவு பேசிவிட்டாள். இங்கே விடாத மழை, சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிந்துவிடும். பெரியத்தை போன வாரம் போன் பண்ணி ஏதோ சொன்னாள். அதை நான் உன்னிடம் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

நான் எழுத வந்தது அந்த மேடம் விஷயம். ஆடியில் வந்திருந்தபோது சொன்னாயே, ஹைதராபாத்திலேயே வேறு கம்பெனியில் மழைநீர் வடிகால் டிசைன் பண்ணுகிறவர், ட்ரெயினிங்கில் வந்து பேசினார், அவர் மாதிரி ஒருத்தர் வழிகாட்டினால் நன்றாக இருக்கும் என்று. அப்புறம் கேட்டதற்கு, "மெசேஜ் போட்டேன்ப்பா, பார்க்கிறேன்னாங்க, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டாய். அந்த மெசேஜை எனக்குக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா. நானாக இருந்தாலும் அதற்குப் பார்க்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். மென்டராக இருக்க முடியுமா, கரியரில் குழப்பமாக இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பேசலாமா என்று கேட்டிருந்தாய். மாதத்துக்கு எவ்வளவு நேரம், எதைப் பற்றி, எத்தனை நாளைக்கு, ஒன்றுமே அதில் இல்லை. சரி என்று சொன்னால் எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்குத் தெரியாது. முடியாது என்று சொல்லவும் மனசு வராது. அதனால் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார். அவர் உன்னை ஒதுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு நீ பேசாமல் இருந்துவிட்டாய். சின்ன வயதிலிருந்தே இதுதான், கணக்கு டீச்சர் ஒரு தடவை முகம் சுளித்தார் என்று வருஷம் முழுக்கச் சந்தேகமே கேட்காமல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினவள் நீ. அந்தத் தொண்ணூற்றெட்டை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நீ தப்புப் பண்ணவில்லை. உன் மேனேஜரிடம் போகாமல் வெளியில் பார்த்தாய், அது நல்லது. அப்ரைசல் எழுதுகிற கையிடம் எனக்கு இது புரியவில்லை என்று யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, அந்த மேடம் உன்னைவிட எட்டுப் பத்து வருஷம்தான் மூத்தவர் என்றாய். என்னை மாதிரி முப்பத்தைந்து வருஷம் பார்த்தவனிடம் போனால் கதை நிறைய கிடைக்கும், ஆனால் மூன்றாவது வருஷத்தில் கால் எங்கே இடறும் என்பது எங்களுக்கு மறந்து போயிருக்கும். அதுவும் நான் ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்தவன், உங்கள் சாஃப்ட்வேர் எனக்குத் தெரியாது.

கேட்கிற விதம்தான் சரியாக இல்லை. முதலில் உறவைக் கேட்காதே, ஒரே ஒரு கேள்வியைக் கேள். அது எப்படிப்பட்ட கேள்வியாக இருக்க வேண்டும் என்றால், உன் வேலையையே எடுத்துக்கொள்வோம். 12 ஹெக்டேர் லேஅவுட், பாதிக்கு மேல் காலி மனை என்றாய். மணிக்கு 80 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள். இன்றைக்கு இருக்கிற நிலைமைக்கு, விழுகிற மழையில் பத்தில் ஆறு பங்கு ஓடிவரும் என்று ரன்ஆஃப் கோஎஃபிஷியன்ட் 0.6 போட்டால், 0.6 × 80 × 12 ÷ 360, வினாடிக்கு 1.6 கனமீட்டர், நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 56 கனஅடி. நாளைக்கு எல்லா மனையிலும் வீடு வந்து முற்றமெல்லாம் சிமென்ட் ஆகி 0.9 ஆனால் 2.4 கனமீட்டர், 85 கனஅடி. ஒன்றரை மடங்கு. கட்டுகிறவர் 1.6-க்குத்தான் காசு கொடுப்பேன் என்கிறார்.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது பார். ஒரு மணி நேர மழையை எடுப்பதா, அரை மணி நேர மழையை எடுப்பதா என்பது ஒன்று. கடைசி மூலையில் விழுந்த தண்ணீர் வடிகால் வாய்க்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ அந்த நேரத்து மழையை எடு என்று புத்தகத்திலேயே இருக்கிறது, பக்கத்து சீட்டுக்காரரும் சொல்வார். இதைக் கொண்டுபோய் அந்த மேடத்திடம் கேட்டால், இந்தப் பெண் படிக்காமல் வருகிறாள் என்று முதல் நாளே நினைத்துவிடுவார். காலி மனையில் எத்தனை பங்கு கட்டிடமாகும் என்று கணக்கில் எடுப்பது, காசு கொடுக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது என்பது இன்னொன்று. இது பத்து இடத்தில் டிசைன் பண்ணி, அதில் இரண்டு இடத்தில் தெருவில் தண்ணீர் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். அதைத்தான் கேட்க வேண்டும். மெசேஜ் ஐந்தாறு வரிதான்: எந்த ட்ரெயினிங்கில் பார்த்தேன், இடம் இப்படி, இரண்டு கணக்கும் இப்படி வருகிறது, நான் 0.75 எடுக்கலாம் என்று நினைக்கிறேன், காரணம் இது, நீங்கள் எங்கே கோடு போடுவீர்கள், பதினைந்து நிமிஷம் போனில் பேச முடியுமா, இரண்டு வரி எழுதி அனுப்பினாலும் போதும். நீ நினைப்பதையும் சேர்த்து எழுது. அப்போதுதான் அவர் ஆமாம், இல்லை என்று தொடங்கலாம், முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. கம்பெனி டிராயிங்கை மட்டும் அனுப்பாதே, இடத்தின் பெயரையும் எழுதாதே, அவர் வேறு கம்பெனி, உனக்கும் கஷ்டம் அவருக்கும் கஷ்டம்.

பதில் வந்தால் அதோடு ஓடிவிடாதே. நன்றி மேடம் என்று கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். மூணாறு தலைப்பில் நான் இருந்தபோது, கோரையாற்று ஷட்டரை இவ்வளவு ஏற்று என்று சொன்னால் லஸ்கர் ஏற்றிவிடுவார், ஆனால் கீழே கேஜில் எவ்வளவு ஏறியது என்று மறுநாள் காலையில் போன் வந்தால்தான் நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியும். போன் பண்ணுகிற லஸ்கருக்குத்தான் நான் அடுத்த தடவை யோசித்துச் சொல்வேன். அதே மாதிரி, இரண்டு மூன்று வாரம் கழித்து, நீங்கள் சொன்னபடி செய்தேன், இப்படி ஆயிற்று, இது மட்டும் ஒத்துவரவில்லை என்று நாலு வரி எழுது. அதில் புதுக் கேள்வி எதுவும் வைக்காதே. சொன்னதைக் கேட்டுச் செய்தவர்களை யாரும் மறப்பதில்லை.

இப்படி இரண்டு கேள்வி போய் வந்த பிறகு மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் கேள். மாதக் கடைசி வியாழன் என்று நாளைச் சொல்லியே கேள், மூன்று மாதத்துக்கு மட்டும், அப்புறம் தொடர்வதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றும் சொல்லிவிடு. முடிவு இருக்கிறது என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வது சுலபம். ஒவ்வொரு தடவையும் பேசுவதற்கு முந்தின நாள் அரைப் பக்கம் அனுப்பு: போன தடவை பேசியதில் என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், இந்தத் தடவை கேட்க வேண்டிய ஒன்று. ஒன்றுதான், மூன்று இல்லை. நேரம் குறிப்பது, லிங்க் அனுப்புவது, பேசியதை எழுதி வைப்பது எல்லாம் உன் வேலை. இருபத்தைந்தாவது நிமிஷம் நீயே, மேடம் நேரமாகிவிட்டது என்று சொல். அவர் இன்னும் பேசினால் பேசட்டும்.

நடுவில் தோன்றுகிற சந்தேகத்தையெல்லாம் உடனே அனுப்பாதே. நோட்டில் எழுதி வை, மாதக் கடைசிக்குள் பாதிக்குப் பதில் உனக்கே கிடைத்துவிடும், மிச்சத்தில் எது பெரியது என்றும் தெரிந்துவிடும். என்னிடம் ஒரு பையன் ஜூனியராக வந்தான், கெட்டிக்காரன், தினமும் சாயந்திரம் டீ நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவான், கேள்வி சின்னதுதான், போக ஒரு மணி நேரம் ஆகும். ஒரு கட்டத்தில் அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் பின்பக்கம் போய்விடுவேன். இன்னொரு பெண், சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு தாளோடு வருவாள், நின்றபடியே கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அவள் வராத சனிக்கிழமை நானே போன் பண்ணியிருக்கிறேன்.

அவர் அலுத்துவிட்டாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். ஒரு தடவை தள்ளிப்போட்டால் வேலை. இரண்டு தடவை சேர்ந்தாற்போல் தள்ளிப்போட்டால், நீ அனுப்பிய அரைப் பக்கத்தைப் பார்க்காமலே வந்து உட்கார்ந்தால், மாதா மாதம் அதிகமாகிறது என்று அர்த்தம். அப்போது நீயாகவே, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளலாமா, இல்லாவிட்டால் எழுதியே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடு. கோபித்துக்கொண்டு மௌனமாகிவிடாதே, பாப்பா. போன் எடுக்காமல் இருப்பது, மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பது, இதெல்லாம் எதிரே இருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நான் மேடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுதக்கூடாது என்று இருந்தேன். வேலையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வியை அவரிடம் முதல் கேள்வியாகக் கொண்டுபோகாதே. உன் வேலை எப்படி என்றே தெரியாதவரிடம் அதைக் கேட்டால், பொறுத்திரும்மா என்பார், இல்லாவிட்டால் விட்டுவிடும்மா என்பார், இரண்டும் அவருடைய கதையிலிருந்து வருகிற பதில், உன் நிலைமையிலிருந்து வருவது ஆகாது. மூன்று மாதம் உன் கணக்கைப் பார்த்த பிறகு கேட்டால், உனக்கு வராதது இந்த வேலையா, இந்த மேனேஜரா என்று அவரால் சொல்ல முடியும். அதற்குள் பொறுக்க முடியாத அளவுக்கு என்னவாவது இருந்தால் அது மென்டரிடம் கேட்கிற விஷயமே இல்லை, ராத்திரி பஸ் ஏறி வந்துவிடு, அத்தைக்கு முதலில் சொன்னதற்கு நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

முதல் மெசேஜை எழுதினால் அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டேன், திருத்த மாட்டேன், கணக்கை மட்டும் பார்க்கிறேன். பொங்கல் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கே முடிந்துவிடும், நீ போடுகிறாயா, நான் போடட்டுமா என்று இன்றைக்குள் சொல்.

அப்பா