செய்யப்படாத ஒரு கணக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நான் படித்த ஒரு மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரையில் பிழை கண்டு, அந்த இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் நீங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களைத் தலா 31 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மூச்சுப்பயிற்சி அளித்திருக்கிறார்கள். பயிற்சிக் குழுவில் ரத்த அழுத்தம் சராசரியாக 6 புள்ளிகள் இறங்கியது. பி மதிப்பு 0.02. பயிற்சி பெறாத குழுவில் 4 புள்ளிகள் இறங்கின. பி மதிப்பு 0.12. முதலாவது வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே, இரண்டாவது மேலே; ஆகவே பயிற்சி பலன் தருகிறது என்று முடித்துவிட்டார்கள். ஆனால் இரு குழுக்களையும் நேருக்கு நேர் ஒப்பிடும் கணக்கு கட்டுரையில் எங்குமே இல்லை.

அதை அவர்களுடைய அட்டவணையிலிருந்தே செய்துவிடலாம். இறக்கத்தின் திட்ட விலக்கம் இரு குழுக்களிலும் 14 என்று கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு சராசரியின் திட்டப் பிழையும் ஏறக்குறைய 2.5, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால், வித்தியாசத்தின் திட்டப் பிழை சுமார் 3.6. வித்தியாசமோ வெறும் 2 புள்ளிகள். பி மதிப்பு 0.58 அளவில் நிற்கிறது. 95 சதவீத நம்பக இடைவெளி −5 முதல் +9 வரை நீள்கிறது. பயிற்சி 9 புள்ளிகள் நன்மை செய்திருக்கலாம், 5 புள்ளிகள் கெடுத்தும் இருக்கலாம் என்பதற்கு மேல் இந்தத் தரவு எதுவும் சொல்லவில்லை. பயிற்சி வீண் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது என்பதைக் கடிதத்தில் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறேன்.

ஒன்றும் செய்யாத குழுவில் 4 புள்ளிகள் ஏன் இறங்கின என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அழுத்தம் உச்சத்தில் இருந்த நாளில் அளந்துதான் ஆட்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மறுபடி அளக்கும்போது அது தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். பயிற்சிக் குழுவின் 6 புள்ளிகளிலும் இந்தப் பங்கு கலந்திருக்கும். அதைக் கழிப்பதற்காகத்தானே ஒப்பீட்டுக் குழுவையே வைக்கிறோம்!

இது அரிய பிழையன்று. 2011-இல் நியூவென்ஹுயிஸ் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் நரம்பியல் கட்டுரைகளைத் துருவிப் பார்த்தபோது, இப்படி ஒப்பிட வேண்டிய இடம் வந்த 157 கட்டுரைகளில் 79 இதே தவற்றைச் செய்திருந்தன. ஆகவே கட்டுரையாளர்களின் நேர்மையைத் தொடும் சொல் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டேன். தொடக்க அழுத்தத்தைக் கணக்கில் கொண்டு இரு குழுக்களையும் ஒப்பிட்டு, அந்த முடிவைத் திருத்தமாக வெளியிடுமாறு மட்டும் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு ஐயம். பிரசுரமான திட்ட விலக்கம் முழு எண்ணாக்கப்பட்டது, அது 13.5 ஆக இருந்தாலும் முடிவு மாறாது என்பது என் கணிப்பு. நீங்களும் ஒருமுறை போட்டுப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்