மூடியைத் திறந்ததும் ஏன் மறுபடி பிடித்தது?

அன்புள்ள மகளுக்கு,

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டால் மூடினாயே, அது ரொம்பச் சரி. அரை நிமிஷத்தில் திறந்து பார்த்தாயே, அதுதான் தப்பு. “அணைஞ்ச தீ எப்படிப்பா திரும்பப் பிடிச்சுது?” என்று நேற்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

எரிபொருள், சூடு, ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தீ. இதைத்தான் தீ முக்கோணம் என்பார்கள். தட்டை மூடி நீ எடுத்தது ஆக்சிஜனை மட்டும். எண்ணெய் அங்கேயே இருந்தது, சூடும் குறையவில்லை. சமையல் எண்ணெய் சுமார் 350 டிகிரியைத் தாண்டிவிட்டால் பொறியே தேவையில்லை, காற்றுப் பட்டாலே பற்றும். வாணலி நன்றாக ஆறும்வரை திறக்கவே கூடாது, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

பக்கத்தில் தண்ணீர் இருந்தும் ஊற்றவில்லை என்றாயே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். மரம், துணி, காகிதம் எரிந்தால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகிவிடும். ஒரு தம்ளர் தண்ணீர் சுமார் 1,700 தம்ளர் ஆவியாக விரியும். அந்த வேகம் எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கியடிக்கும்.

மாடிப்படியில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எடுத்திருக்கலாமா என்றாய். வாணலிக்கு வேண்டாம். பீய்ச்சுகிற வேகத்தில் எண்ணெய் சிதறும், சூடும் பெரிதாகக் குறையாது. அது ஸ்விட்ச் போர்டு மாதிரி இடங்களுக்கு. அதன் வழியாக ஷாக் அடிக்காது, ஈரமும் தூளும் மிஞ்சாது. அடிக்கும்போது அதன் கொம்புக்குழாயைக் கையால் பிடிக்காதே, குளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும். சின்ன அறையில் அடித்தால் உடனே வெளியே வந்துவிடு, தீக்குக் குறைகிற ஆக்சிஜன் உனக்கும்தானே குறையும்.

நுரை பெட்ரோலுக்கானது. தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய்விடும், நுரை மேலே போர்வை மாதிரி மிதந்து ஆவி கிளம்பாமல் அமுக்கும். அதிலும் பெரும்பங்கு தண்ணீர்தான், கரண்ட் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மணலை நான் பட்டறையில்தான் கற்றேன். லேத்தில் சீவிய மெக்னீசியச் சுருள் ஒருநாள் பற்றிக்கொண்டது. புதுப்பையன் ஒருவன் கார்பன் டை ஆக்சைடை அடித்துவிட்டான். தீ அடங்குவதற்குப் பதில் கண் கூசும் வெள்ளையாக எகிறியது. எரியும் மெக்னீசியம் அந்த வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். போர்மேன் மணல் வாளியோடு வந்தார். கொட்டுவதற்கு முன் கையை விட்டு, காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஈர மணல் என்றால் வெடித்துச் சிதறும். மெதுவாகச் சரித்து மூடினோம். ஒரு மணி நேரம் கழித்து நீளக் கரண்டியால் ஓரத்தைக் கிளறினேன். உள்ளே இன்னும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. மறுபடி மணலைத் தள்ளி மூடிவிட்டோம்.

அன்புடன்,
அப்பா