துட்டி கேட்க வருகிறேன்

கோவில்பட்டி,
ஆனி 8

அன்பு மகன் குமாருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். செல்விக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மோட்டார் மறுபடியும் ரிப்பேர், கழற்றிக் கொண்டுபோனவன் இன்னும் கொண்டுவரவில்லை. மதுரை மாமா வீட்டுக் கல்யாணம் ஆவணியில் வைத்திருக்கிறார்கள். உனக்கும் பத்திரிகை வரும். நீ வர வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.

எப்போது கேட்டாலும் "சாப்பிட்டேன்மா" என்கிறாய். போன வியாழக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்குக் கூப்பிட்டேன். ஆபீஸில் இருக்க வேண்டிய நேரம், ஆனால் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. லீவா என்றேன். ஆமாம் என்றாய். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஃபோனை வைத்த பிறகு காலண்டரைப் பார்த்தேன். முரளி போய் அன்றோடு மூன்று மாதம்.

வேளைக்குச் சாப்பிடு ராசா. ராத்திரியில் தனியாக மொட்டைமாடிக்குப் போகாதே. பக்கத்து ஃப்ளாட் டீச்சரம்மாவிடம் ஒரு சாவி கொடுத்து வை. சும்மாதான் சொல்கிறேன், கொடுத்து வை.

அப்பா போனபோது என்னை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். பதினாறாம் நாள் நடந்ததெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. பூ, பொட்டு, வளையல் எல்லாம் எடுத்தார்கள். மதுரை மாமா பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து என் தோளில் போட்டபோது, அந்தப் புதுச்சேலையின் கஞ்சி வாசம் தொண்டையை அடைத்தது. ஆனாலும் அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருந்தது. கூடத்தில் பாயில் என்னை உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு மாதம் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள், சமைத்துக் கொடுத்தார்கள். நீ நான்காம் நாள் ஆபீஸ் போனாய். லீவு கேட்டால் யார் இறந்தது என்று எழுத வேண்டும், நண்பனுக்கு அத்தனை நாள் லீவு கிடையாது என்று சொன்னாய். எத்தனை பேர் உன்னிடம் துட்டி கேட்டார்கள்? நானே கேட்கவில்லையே.

முரளியின் ஊரில் நடந்ததை நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, நீயும் பேசவில்லை. ஆனால் நான் தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்துச் சாவு வீட்டில் எல்லாமே முறை வைத்துத்தான் நடக்கும். நீர்மாலைக்குப் போவது பங்காளிகள், கொள்ளி வைப்பது மகன், அவன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பி. கோடி போடுவதற்குக்கூட மாமன் மச்சான், சம்பந்தி என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முறை சொல்ல முடியாதவனுக்கு அங்கே நிற்க இடம் கிடையாது. நீ பையில் ஒரு வேட்டி வாங்கி வைத்திருந்தாய். கடைசிவரை உன்னை யாரும் கூப்பிடவில்லை. சுடுகாட்டில் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றபோது, "மெட்ராஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வேன்ல ஏறுங்க, நேரமாச்சு" என்று யாரோ சொன்னார்களாம். கையில் இருந்த அரிசியை என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

அதைவிட, அந்த வாழைக்கன்று. கல்யாணம் ஆகாமல் செத்தவனைக் கன்னி கழிக்காமல் அனுப்பக் கூடாது என்று சில ஊர்களில் வழக்கம் உண்டு. நானும் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். முரளியின் கையைப் பிடித்து வாழைக்கன்றுக்குத் தாலி கட்டவைத்தபோது நீ பந்தலுக்கு வெளியே நின்றாய் என்றாய். பதினோரு வருஷம் அவனோடு வாழ்ந்தவன் நீ. இதை நான் எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய்.

உங்கள் வீட்டுக்கு நான் மூன்று தடவைதான் வந்தேன். கடைசியாக வந்தது அவன் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அடுக்களை மேடையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று தனியாக இருந்தது, உள்பக்கம் மார்க்கரில் கோடு போட்டு. அவன் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கலாம் என்று நீ சுவரில் எழுதி ஒட்டியிருந்தாய். உருளைக்கிழங்கைக்கூட நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் வேகவைத்து வடித்தாய். பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும் என்று விளக்கினாய். நான் கொண்டுவந்த கடலை மிட்டாயை எடுத்து மேலே ஒளித்து வைத்தாய். அவன் சிரித்துக்கொண்டே, "அத்தை கொண்டாந்தது, ஒரே ஒரு துண்டு" என்றான். நகம் அளவுக்கு உடைத்து அவன் வாயில் வைத்தாய். உன் அப்பா எனக்கு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. நான் எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று அன்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி, குமாரும் அவன் கூட்டாளியும் நன்றாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

நீயும் என்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஒரு தடவையாவது, "அம்மா, இவன்தான்" என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் சரியாகியிருப்பேன். 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஆணும் ஆணும் செய்யும் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். அன்று ராத்திரி நீ கூப்பிட்டாய். எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் மழையைப் பற்றிப் பேசினேன். இல்லை, உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். முன்பின் தெரியாதவர்களிடம்கூட "நாமினி போட்டாச்சா, நாமினி போட்டாச்சா" என்று கேட்டேன். நாமினியாக ரத்த சொந்தம்தான் வர வேண்டும் என்றில்லை, சேமிப்புக் கணக்குக்கு யாரை வேண்டுமானாலும் போடலாம். கூடவே ஓர் உயிலும் எழுத வேண்டும், ஏனென்றால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாமே தவிர, வாரிசு பிறகு வந்து உரிமை கேட்கலாம். உயிலுக்குப் பத்திரத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் போட்டால் செல்லும். இதை எத்தனை விதவைகளுக்கு, எத்தனை ரிட்டயர்டு வாத்தியார்களுக்குச் சொல்லியிருப்பேன்! அந்த டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது உங்கள் இரண்டு பேரிடமும் சொல்ல நினைத்தேன். சொன்னால் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்றாகிவிடும். அதனால் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இப்போது கல்யாணமாகாத மகனின் சொத்துக்கு வாரிசு என்று அவன் அம்மா பெயரில் சான்று வாங்கிவிட்டார்கள். நீ தவணையில் பாதி கட்டிய வண்டியும் போனது, அவன் ஃபோனும் போனது, ஃபோனில் இருந்த உங்கள் படங்களும் போயின. அந்த அம்மாவைத் திட்ட மனம் வரவில்லை. அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான்.

இறந்தவரோடு ஜோடியாக வாழ்ந்தவருக்கு உடலைக் கொடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லி மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியதாக செல்வியின் மருமகன் படித்துச் சொன்னார். நெருங்கிய சொந்தம் யாரும் இல்லாதபோதுதான் அது. அவர்கள் இருந்தார்களே. ஊரிலிருந்து காரில் வந்து, ஐ.சி.யு. வாசலில் நீ நிற்கும்போதே உள்ளே போனார்கள். கையெழுத்து அவர்களிடம் வாங்கினார்கள். குழாய் போடலாமா வேண்டாமா என்று டாக்டர் அவர்களிடம் கேட்டார். இரண்டு வருஷம் அவன் எடையைத் தினமும் குறித்து வைத்த உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று மாதமாக இது எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அன்று சாயங்காலம், ஆறு மணி இருக்கும், விளக்கேற்றிவிட்டு வந்தேன். முரளியின் அண்ணன் எனக்கு ஃபோன் செய்தார். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "ஆஸ்பத்திரியில உங்க பையன் எல்லாத்தையும் தான்தான் முடிவு பண்ணணும்கிறாரு. அவரு எங்க தம்பிக்கு என்னம்மா வேணும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். ராசா, அவர் என்னைத்தான் கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். பக்கத்தில் செல்வி மாமியார் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு இருக்காங்க, அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உன்னை உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகுதான் ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நீ விடிந்து பஸ் பிடித்துப் போனாய்.

நான் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று செல்வி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் சொன்னது சொன்னதுதானே. என்னை மன்னி என்று கேட்க எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே, ஆனால் சாப்பிடு.

பாபநாசத்தில் தர்ப்பணம் செய்துவைக்கிற ஐயரிடம் கேட்டேன். மகாளய பட்சத்தில் சொந்தமில்லாதவர்களுக்கும், நண்பர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விடலாம், காருண்ய பித்ருக்கள் என்று அதற்கு முறை இருக்கிறது என்றார். கோத்திரம் தெரியாவிட்டாலும் பெயர் சொன்னால் போதுமாம். அப்பா இல்லாததால் நீ செய்யலாம். புரட்டாசி அமாவாசைக்கு நீயும் நானும் போவோம். நண்பன் என்று சொல்ல உனக்கு இஷ்டமில்லை என்றால், என்ன சொல்ல வேண்டும் என்று ஐயரிடம் நான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். செல்வியிடமும் அவள் மாமியாரிடமும், குமார் வீட்டுக்குத் துட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாருக்குத் துட்டி என்று கேட்டார்கள். அதையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து நானே வந்துவிடுவேன். நீ எழும்பூருக்கு வராதே, வீட்டில் இரு. துட்டி கேட்க வருகிறவர்களைக் கூப்பிட யாரும் ஸ்டேஷனுக்கு வருவதில்லை.

அந்த டம்ளரைக் கழுவி எடுத்து வைத்துவிடாதே. நான் வந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா