தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்க முடியாத இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். 113ஆம் தனிமத்தைப் பற்றிய குறிப்பில், ஜப்பானியர் முதலில் 'நிப்போனியம்' என்று பெயரிட நினைத்தார்கள் என்றும், உலகத்தார் வாயில் நுழையட்டும் என்று பிறகு 'நிக்கோனியம்' என மாற்றிக்கொண்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பெயர் நிஹோனியம். நிக்கோனியம் என்றால் கேமராவுக்குள் போடும் சாமான் மாதிரி இருக்கிறது. அது அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் பெயர் மாறியதற்கு நீங்கள் சொன்ன காரணம் சரியில்லை. உண்மையான காரணம் அதைவிடச் சுவையானது என்பதால்தான் இந்தக் கடிதம்.

பேரன் என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்ற பொருளில் வந்தது என்பார்கள். டர்பனில் தமிழ் பேச மறந்த வீடுகளில்கூடத் தாத்தா பெயர் பேரனுக்கு இரண்டாம் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும். வேதியியலில் இந்த வழக்கம் செல்லாது. ஒரு தனிமத்துக்கு ஒருமுறை வழங்கிய பெயரை, அந்தத் தனிமமே பொய் என்று பின்னால் தெரிந்தாலும், இன்னொன்றுக்கு வைக்கக்கூடாது. நிப்போனியம் அந்த விதியில்தான் மாட்டிக்கொண்டது.

கதை இலங்கையில் தொடங்குகிறது. மசத்தகா ஒகவா என்ற ஜப்பானியர் லண்டனில் வில்லியம் ராம்சேயிடம் படித்தவர். இலங்கையில் கிடைத்த தோரியனைட் என்ற கனிமத்தை ஆராய்ந்த அவர், அதில் புதுத் தனிமம் ஒன்று இருப்பதாக 1908இல் அறிவித்தார். அட்டவணையில் அப்போது காலியாகக் கிடந்த 43ஆம் கட்டத்துக்கு உரியது அது என்று கணித்து, நிப்போனியம் என்று பெயரும் Np என்று குறியீடும் கொடுத்தார். அவர் சொன்னதை மற்றவர்களால் மீண்டும் செய்துகாட்ட முடியவில்லை. பெயர் அட்டவணையிலிருந்து விழுந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் விட்டுச்சென்ற சான்றுகளை ஆராய்ந்தவர்கள், அவர் கையில் உண்மையிலேயே ஒரு புதுத் தனிமம் இருந்தது என்கிறார்கள். ஆனால் அது 43 அல்ல, 75. இரண்டும் ஒரே தொகுதியில், ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பவை. அணு எடையைக் கணக்கிட்டதில் தவறி, ஒரு கட்டம் மேலே ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். அந்த 75ஐ 1925இல் ஜெர்மானியர் கண்டுபிடித்து ரீனியம் என்று பெயரிட்டார்கள். 43 இன்றைய டெக்னீசியம். Np என்ற எழுத்துகளோ 1940இல் கண்டறியப்பட்ட நெப்டியூனியத்துக்குப் போய்விட்டன. பாவம் ஒகவா, தங்கத்தைத் தொட்டுவிட்டுப் பித்தளை என்று எழுதிவைத்தவர்.

இனி 113. டோக்கியோவுக்கு அருகே வாக்கோவில் உள்ள ரிக்கென் ஆய்வு நிலையத்தில் கோசுகே மொரிட்டா குழுவினர் 83ஆம் எண் பிஸ்மத் தகட்டின் மேல் 30ஆம் எண் துத்தநாக அணுக்கருக்களை வேகமூட்டி மோதவிட்டார்கள். 83உம் 30உம் கூடினால் 113. கூட்டல் கணக்கு எளிது, சேர்க்கைதான் அபூர்வம். விநாடிக்கு லட்சம் கோடிக் கணக்கில் கருக்களைப் பாய்ச்சியும் அவர்களுக்குக் கிடைத்தவை மொத்தம் மூன்று அணுக்கள்: 2004 ஜூலையில் ஒன்று, 2005 ஏப்ரலில் ஒன்று, 2012 ஆகஸ்டில் ஒன்று.

விநாடியில் நூறில் ஒரு பங்குகூட நிற்காத அணுவை எப்படி அடையாளம் காண்பது? அது விட்டுச்செல்லும் வாரிசுகளை வைத்துத்தான். ஒரு ஆல்ஃபா துகளை வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் அணு எண்ணில் இரண்டு குறையும். முதல் இரண்டு அணுக்களும் 111, 109, 107 என்று இறங்கி 105இல் இரண்டாகப் பிளந்துவிட்டன. மூன்றாவது மட்டும் பிளக்காமல் 103க்கும், அங்கிருந்து 101க்கும் இறங்கியது. அந்தக் கடைசிப் படிகள் ஏற்கெனவே நன்கு அறியப்பட்ட அணுக்கருக்கள். படியின் அடிப்பக்கம் தெரிந்த இடத்தில் ஊன்றியதால் உச்சி 113தான் என்று துணிந்து சொல்ல முடிந்தது. ரஷ்ய-அமெரிக்கக் குழுவும் 113க்கு உரிமை கோரியிருந்தது. ஐயுபேக் எனப்படும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியமும் பன்னாட்டு இயற்பியல் ஒன்றியமும் சேர்ந்து அமைத்த குழு இரு தரப்பையும் ஆராய்ந்தது. 113 ஜப்பானியருடையது என்ற அறிவிப்பு 2015 டிசம்பர் 30இல் வந்தது.

பெயர் வைக்கும் சடங்கு அதற்குப் பிறகுதான். கண்டுபிடித்தவர்கள் பெயரையும் குறியீட்டையும் முன்மொழியலாம், முடிவு செய்ய முடியாது. புராணப் பாத்திரம் அல்லது கருத்து, கனிமம், ஊர் அல்லது நாடு, தனிமத்தின் பண்பு, விஞ்ஞானி ஆகிய ஐந்து வகைக்குள் பெயர் அடங்க வேண்டும். வான்கோள்கள் புராண வகையில் சேரும். பெயரின் வாலும் அவர்கள் விருப்பம் அல்ல: 17ஆம் தொகுதி என்றால் குளோரின் போல 'இன்', 18ஆம் தொகுதி என்றால் நியான் போல 'ஆன்', மற்றதெல்லாம் 'இயம்'. ஜப்பானியர் தங்கள் நாட்டின் பெயரை வைக்க விரும்பினார்கள். நிப்போன் என்றாலும் நிஹோன் என்றாலும் அவர்களுக்கு ஒரே நாடு, ஒரே எழுத்துகளை இரண்டு விதமாக வாசிப்பதுதான். முதல் வாசிப்பை ஒகவா செலவழித்துவிட்டார். மிஞ்சியது இரண்டாவது. குறியீடு Nh.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1994இல் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். 104க்கு ரூதர்போர்டியம், 105க்கு ஹானியம் என்று அமெரிக்கர்கள் வெகுகாலமாக எழுதி வந்தார்கள். ரஷ்யர்கள் வேறு பெயர்களை வைத்திருந்தார்கள். சமரசம் செய்யப்போன ஐயுபேக் அந்த ஆண்டு வெளியிட்ட பட்டியலில் ரூதர்போர்டியத்தை 106க்கும் ஹானியத்தை 108க்கும் தூக்கிவைத்தது. அந்த ஆண்டுகளில் 'ரூதர்போர்டியத்தின் வேதியியல்' என்று ஒரு கட்டுரை வந்திருந்தால், எழுதியவர் 104ஐச் சொல்கிறாரா 106ஐச் சொல்கிறாரா என்று தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது. எதிர்ப்புக் கிளம்பி, 1997இல் 104 ரூதர்போர்டியம், 105 டுப்னியம், 106 சீபோர்கியம், 108 ஹாசியம் என்று முடிந்தது. ஹானியம் என்ற பெயர் யாருக்கும் இல்லாமல் போயிற்று. அந்தப் பெயருக்கு உரியவரான ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ஹானுக்கு இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் நூலகத்தில் உள்ள பழைய கட்டுரைகளில் ஹானியம் என்றால் 105 என்றே இருக்கிறதே, அதை யார் போய் அழிப்பது?

குறியீட்டுக்கும் இதே சோதனை உண்டு. 112ஆம் தனிமத்தை 1996இல் உருவாக்கிய ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தார், 2009இல் கோப்பர்நிக்கஸ் நினைவாகக் கோப்பர்நிசியம் என்ற பெயரையும் Cp என்ற குறியீட்டையும் முன்மொழிந்தார்கள். பெயரில் சிக்கல் இல்லை. Cp மட்டும் உதைத்தது. இன்று நாம் லுட்டீசியம் என்று சொல்லும் தனிமத்தை ஜெர்மன் நூல்கள் நெடுங்காலம் காசியோப்பியம் என்று அழைத்தன, குறியீடு Cp. கரிம உலோக வேதியியலாரும் ஐந்து கார்பன் வளையம் ஒன்றை நாள்தோறும் Cp என்றே சுருக்கி எழுதுகிறார்கள். அந்த ஆண்டு நேச்சர் இதழுக்கு யூரிஸ் மெய்யா என்ற வேதியியலாளர் இதுபற்றி ஒரு கடிதம் எழுதினார். ஆம், ஆசிரியருக்குக் கடிதம்தான். குறியீடு Cn ஆயிற்று, 2010 பிப்ரவரி 19இல், கோப்பர்நிக்கஸ் பிறந்த நாளில், அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள்.

ஆனால் வேறொரு பொருளில் புழங்குகிறது என்பது மட்டுமே ஒரு குறியீட்டைத் தள்ளப் போதாது. 117ஆம் தனிமமான டென்னசினுக்கு Ts என்று முன்மொழிந்தபோது, அது டோசில் என்ற அணுக்கூட்டத்தின் சுருக்கம் ஆயிற்றே என்று கரிம வேதியியலார் கேட்டார்கள். Ac என்றால் ஆக்டினியம், கரிம வேதியியலில் அசிட்டைல். Pr என்றால் பிரேசியோடிமியம், அங்கே புரோப்பைல். இவற்றோடு காலம் தள்ளவில்லையா என்று சொல்லி Ts நிலைத்தது. Cpயின் குற்றம், அது முன்பே ஒரு தனிமத்தின் குறியீடாக இருந்தது.

எங்கள் வகுப்பு நடக்கும் கோயில் மண்டபத்தில் பழைய தனிம அட்டவணை ஒன்று தொங்குகிறது. நான் வாசித்து முடித்ததும் ஒரு சிறுமி எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இங்க Nh இல்லையே, Uut-னுதானே போட்டிருக்கு" என்றாள். அது பெயர் வரும்வரை ஓட்டும் தற்காலிகப் பெயர். எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் அசை: ஒன்றுக்கு 'உன்', மூன்றுக்கு 'ட்ரை'. 1, 1, 3 என்பதை அடுக்கி வால் சேர்த்தால் உனுன்ட்ரியம், முதல் எழுத்துகள் Uut. மூன்றெழுத்துக் குறியீடு என்றாலே அது நிரந்தரம் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். அவளுக்குப் புரிய, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரை உதாரணம் சொன்னேன். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது, எண்ணை வைத்துத்தான் ஆளைத் தேடுவார்கள். அவள் விடவில்லை. "அப்ப 119?" என்றாள். ஒன்பதுக்கு 'என்' என்று மட்டும் சொன்னேன். உனுனென்னியம், Uue என்று அவளே கரும்பலகையில் எழுதிவிட்டாள்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். அடுத்த இதழில் நிஹோனியம் என்று திருத்தம் போடுங்கள். பெயரை ஒவ்வொரு மொழியும் தன் ஒலிக்கேற்ப எழுதிக்கொள்ளலாம், ஆகவே 'நிகோனியம்' என்று கிரந்தம் தவிர்த்து எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. அந்தக் ககரத்தை இரட்டிக்காதீர்கள். குறியீடு மட்டும் எல்லா மொழியிலும் Nhதான்.

மற்றது, ஒரு பெயர் முன்மொழியப்பட்ட பின் ஐந்து மாதம் பொதுமக்கள் கருத்துச் சொல்ல விடுவார்கள். நிஹோனியத்துக்கு அது 2016 ஜூன் 8 முதல் நவம்பர் 8 வரை. அந்த மாதம் 28இல் பெயர் உறுதியானது. அடுத்த முறை அந்த ஐந்து மாதத்துக்குள்ளேயே செய்தியை வெளியிடுங்கள். எங்கள் வகுப்பிலிருந்தும் ஓரிருவர் எழுதிப்போடுவார்கள். சுவர் அட்டவணையில் 113க்கு மேல் இப்போதைக்கு ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறோம், அந்தச் சிறுமியின் கையெழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்