சென்சாரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வையுங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் கோழிக்குஞ்சு புரூடருக்குத் தெர்மோஸ்டாட் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இதுதான்: டிஸ்பிளேயில் 34 டிகிரி காட்டுகிறது, ஆனால் குஞ்சுகள் ஹீட்டருக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்திக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டில் கோளாறு இருக்காது, சென்சார் தொங்கும் இடம்தான் தப்பு. சூடான காற்று மேலே ஏறும் என்பதால் சுவரில் உயரமாக மாட்டிய சென்சார் தரையைவிட அதிகமாகக் காட்டும், ஹீட்டரும் சீக்கிரமே அணைந்துவிடும். ஹீட்டருக்கு நேர் கீழே வைத்தாலும் அந்த அனல் நேரடியாகப் பட்டு அதே கதைதான்.

கூளத்திலிருந்து சுமார் 5 செ.மீ. உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில், சூடு விழும் வட்டத்தின் ஓரமாக வையுங்கள். குஞ்சுகள் கொத்தியோ மிதித்தோ நகர்த்தாதபடி கட்டிவிடுங்கள், ஏனென்றால் சென்சார் புரூடருக்கு வெளியே குளிரில் விழுந்துவிட்டால் ஹீட்டர் அணையவே அணையாது, குஞ்சுகள் வெந்துபோகும்.

முதல் வாரம் 33 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். ஆனால் கடைசி வார்த்தை குஞ்சுகளுடையதுதான்: பரவலாகப் படுத்திருந்தால் சரி, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்காற்று அடிக்கிறது.

சரி, செலவு. 50 குஞ்சுகளுக்கு 100 வாட் செராமிக் ஹீட்டர் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரே பெரிய பல்பை விட இதைத்தான் நாங்கள் சொல்வோம், ஒன்று நள்ளிரவில் போனாலும் இன்னொன்று இருக்கும், இதில் வெளிச்சமே வராததால் பல்பைப் போல விட்டுவிட்டு அணைந்து குஞ்சுகளை மிரட்டாது. தீவனமும் தண்ணீரும் தெரிய ஒரு சின்ன எல்இடி தனியாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் இரண்டும் எந்நேரமும் எரிந்தால் நாளுக்கு 4.8 யூனிட், மூன்று வாரத்துக்கு கிட்டத்தட்ட 101 யூனிட். தெர்மோஸ்டாட் போட்டபின் ஹீட்டர் எரியும் நேரம் முதல் வாரம் 70 சதவீதம், இரண்டாவதில் 50, மூன்றாவதில் 30 என்று எடுத்தால் சுமார் 50 யூனிட்தான், பாதி. உங்கள் அறை எவ்வளவு குளிரும் என்பதைப் பொறுத்து இது மாறும், அதனால் விடியற்காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்து, சராசரி எடுத்து, அதை 60-ஆல் வகுத்து 4.8-ஆல் பெருக்கினால் நாளுக்கு எத்தனை யூனிட் என்று வரும், அதை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள்.

செராமிக் ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் ஹோல்டர் வேண்டவே வேண்டாம், உருகிவிடும். பீங்கான் ஹோல்டர் போட்டு, ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டுங்கள்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட்டுக்குள் ஹீட்டரை எரியவைத்து அணைக்கும் ரிலே சில நேரம் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை செட் செய்த அளவை 10 டிகிரி இறக்கி, டிஸ்பிளே விளக்கை மட்டும் நம்பாமல் ஹீட்டரே ஆறுகிறதா என்று பாருங்கள். ஆறவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களிடம் கொண்டு வாருங்கள்.