கட்டினால் கண்டாங்கி, ஆங்கிலத்தில் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விளம்பர வாசகங்களைப் பற்றி வந்த கட்டுரையில், ‘சிலேடையை மொழிபெயர்க்க முடியாது, மூலத்தையே வைத்துக்கொண்டு கீழே பொருள் எழுதிவிடலாம்’ என்று ஒரு வரி இருந்தது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியோடு எனக்குச் சண்டை. விளக்கம் எழுதினால் சிரிப்பு வராது என்பது வகுப்பில் நாற்பது பேர் முன்னால் ஜோக் சொல்லிவிட்டு அதையே விளக்கிய எந்த ஆசிரியருக்கும் தெரியும். மொழிபெயர்க்க முடியாத வாசகத்தைத் திருத்தி எழுத முடியும். அந்த வேலையில் இந்த ஆண்டு நானே மாட்டிக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் ஒரு ஆச்சி, கண்டாங்கிச் சேலைகளில் தொங்கவிடும் அட்டைக்குத் தாமே ஒரு வாசகம் எழுதினார்: ‘கட்டினால் கண்டாங்கியைத்தான் கட்டுவேன்.’ படித்ததும் சிரித்துவிட்டேன். சேலை கட்டுவதும் கல்யாணம் கட்டுவதும் தமிழில் ஒரே வினை. ‘கட்டினா அவரைத்தான் கட்டுவேன்’ என்று வீட்டில் பிடிவாதம் பிடிக்கும் பெண்ணின் குரல் அப்படியே அதில் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலைக்கு இதைவிட நல்ல வரி அமையாது என்றுதான் நினைத்தேன். “டீச்சர், இதை இங்கிலீஷிலயும் போட்டுக் குடுங்க. கானாடுகாத்தான் பங்களா பார்க்க வர்ற வெளிநாட்டுக்காரங்க நிறையப் பேர் கடைக்கு வர்றாங்க” என்றார்.

அவருக்கு ஏற்கெனவே ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்: ‘இஃப் ஐ வேர், ஐ வில் வேர் ஒன்லி கண்டாங்கி.’ இலக்கணப் பிழை இல்லை, உயிரும் இல்லை. கல்யாணம் போய்விட்டது, அதோடு அந்தப் பெண்ணும் போய்விட்டாள். மிஞ்சியது ஒரு சீருடை விதி.

நான் முதலில் செய்ததும் தப்புதான். சிலேடையை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ‘வெடெட் டு கண்டாங்கி’ என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மணமானவள் என்றும் பொருள் உண்டு, ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டவள் என்றும் பொருள் உண்டு. இரண்டு பொருளும் கிடைத்துவிட்டதே என்று மார்தட்டிக்கொண்டேன். சென்னையில் வேலை பார்க்கும், தமிழ் தெரியாத ஒரு தோழியிடம் அட்டையை மட்டும் காட்டி, “இந்தக் கடையில் என்ன விற்கிறார்கள்?” என்று கேட்டேன். “கல்யாணப் பட்டு” என்றார். தீர்ந்தது கதை. கண்டாங்கி பருத்தி. அரக்கு, மஞ்சள், கறுப்பு என்று கட்டம் போட்டு, அகலமான கரை வைத்து, அந்தக் காலத்தில் பின்கொசுவம் வைத்துக் கட்டி வேலை பார்த்த சேலை. முகூர்த்தத்துக்கு யாரும் அதை எடுப்பதில்லை.

எங்கே பிசகியது என்று பிறகுதான் புரிந்தது. சிலேடையில் இரண்டு பொருளும் சமமாக நிற்பதில்லை. ஆச்சியின் வரியில் சேலை முன்னால் நிற்கிறது, கல்யாணம் அதன் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. என் ஆங்கில வரியில் கல்யாணம் முன்னால் வந்து சேலையை மறைத்துவிட்டது. சிலேடை பிழைத்தது, நோக்கம் செத்தது.

அதனால் வாசகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று எழுதிப் பார்த்தேன். பேசுவது யார்? ஒரு பெண், கடைக்காரர் இல்லை. அவள் மனநிலை? எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, முடிவு எடுத்தாயிற்று, இனி யாரும் பேச வேண்டாம் என்ற செல்லப் பிடிவாதம். அதைச் சுமப்பது ‘கட்டு’ அல்ல, ‘தான்’ என்ற அந்த இரண்டு எழுத்து. ‘கட்டு’ சிரிப்பை மட்டும்தான் தருகிறது. ஆக, பிடிவாதத்தை விடக் கூடாது. சிரிப்பு வேறு எங்கிருந்தாவது வரலாம். அது சேலையிலிருந்தே வந்தால் இன்னும் நல்லது.

சேலையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது கிடைத்தது கட்டம். ஆங்கிலத்தில் அதற்குச் ‘செக்’ என்று பெயர். சோதித்துப் பார்ப்பதற்கும் அதே சொல். ‘ஐ ஹேவ் செக்ட். இட்ஸ் கண்டாங்கி.’ நன்றாகப் பார்த்துவிட்டேன், கண்டாங்கிதான். வந்த வரனையெல்லாம் பார்த்துவிட்டுப் பெண் முடிவு சொல்வதுபோலவும் கேட்கிறது. ‘செக்மேட்’ என்றும் ஒரு வரி தோன்றியது. ‘மேட்’ என்றால் துணை, கல்யாண வாடைகூட வரும். ஆனால் அதில் பேசுவது அந்தப் பெண் அல்ல, எழுதியவரின் கெட்டிக்காரத்தனம். அடித்துவிட்டேன். அதே தோழியிடம் புது அட்டையைக் காட்டினேன். “கட்டம் போட்ட சேலை. இந்தப் பெண் வேறு எதையும் வாங்க மாட்டாள்” என்றார். எனக்கு அது போதும். கட்டம் இல்லாமல் வெறும் கோடு போட்ட சேலைகளில் இந்த அட்டையைத் தொங்கவிட வேண்டாம் என்றும் ஆச்சியிடம் சொல்லிவிட்டேன், அங்கே வரி பல்லிளித்துவிடும்.

சோதித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிடக் கூடாது. அவர்கள் காதில் ஆங்கில வரிக்கு அடியில் தமிழ் வரியும் சேர்ந்தே ஒலிக்கும். எதைக் காட்டினாலும் ‘பிரமாதம்’ என்பார்கள். ‘வெடெட்’ வரியை என் வீட்டில் அத்தனை பேரும் பாராட்டினார்கள்!

பக்கத்து மொழிகள்தான் வேடிக்கை. ஹைதராபாத் கண்காட்சிக்குத் தெலுங்கில் வேண்டும் என்றார் ஆச்சி. தெலுங்கிலும் சேலையைக் ‘கட்டு’கிறார்கள், கணவனும் ‘கட்டுகுன்னவாடு’தான். என்னோடு வேலை பார்த்த தெலுங்கு ஆசிரியை ஒரே நிமிடத்தில் ‘கட்டுகுண்டே கண்டாங்கினே கட்டுகுண்டா’ என்று சொல்லிவிட்டார். ஒரே சிக்கல், கண்டாங்கியை அறியாதவர்களுக்கு அது யாரோ ஒரு ஆளின் பெயர்போல் கேட்கும். சேலை என்ற சொல்லை நடுவில் நுழைத்தால் சிலேடை உடையும். அதனால் சொல்லைச் சேர்க்காமல் அட்டையில் சேலையின் படத்தைப் பெரிதாக்கினோம். மலையாளத்தில் கல்யாணத்துக்குக் ‘கெட்டுக’ உண்டு, ஆனால் சேலையை ‘உடுக்குக’ என்கிறார்கள். கதவு பாதி திறந்து பாதி மூடியிருக்கிறது. அங்கே சிலேடையை விட்டுவிட்டோம். ‘உடுக்குன்னெங்கில் கண்டாங்கி தன்னே.’ அந்தத் ‘தன்னே’யில் நம் ‘தான்’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சிரிப்பு போனாலும் பெண் இருக்கிறாள்.

இப்படிப்பட்ட வேலைக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவர்களைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். ஐந்து சொல்லுக்கு எனக்கு ஆறு நாள் ஆனது. ஆச்சியிடம் நான் வரியை மட்டும் கொடுக்கவில்லை. மூன்று வரிகளை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பத் தமிழில் நேர்ப்பொருளாக்கி, எதில் என்ன போனது, என்ன தங்கியது என்று பக்கத்தில் குறித்துக் கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாதவர் முடிவெடுக்க வேறு வழி இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, “அப்ப இங்கிலீஷ்ல கல்யாணத்தை நிறுத்திட்டீங்க” என்றார். ‘செக்’ வரியைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் தமிழ் வரி மேலே, பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
காரைக்குடி.