நான்காவது நாவலின் அட்டை: என் பதிப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பாசிரியர் குழுவுக்கும் விற்பனைப் பிரிவினருக்கும் வணக்கம்.

என் நான்காவது நாவலின் அட்டை பற்றி நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் உங்களிடம் இருக்கின்றன. "அச்சுக்குப் போய்விட்டது, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது. இப்போது அந்த அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்கிவிட்டது, அட்டையில் மாற்றம் எதுவும் இல்லை என்று கேள்விப்பட்டேன். தனியாகக் கேட்டுப் பலனில்லாததால் பொதுவில் கேட்கிறேன். கோரிக்கை ஒன்றுதான்: மறுபதிப்பில் இந்த நாவலை முதல் மூன்று நாவல்களின் அட்டைப் பாணிக்குக் கொண்டுவாருங்கள்.

அந்தப் பாணி தற்செயலாக அமைந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வடிவமைப்பாளர்தான் உருவாக்கினார். ஒரே நிறத்தில் வெறும் பின்னணி, நடுவில் கதையிலிருந்து எடுத்த ஒரு பொருளின் கோட்டோவியம்: முதல் நாவலுக்குப் பூட்டு, இரண்டாவதுக்கு மூக்குக்கண்ணாடி, மூன்றாவதுக்குக் கைப்பிடி உடைந்த குடை. மேலே, அட்டையின் உயரத்தில் கால்பங்கை எடுத்துக்கொண்டு, எப்போதும் ஒரே எழுத்துருவில் என் பெயர். முதுகில் அடியிலிருந்து அளந்து வைத்த ஒரு பட்டை. அளவை நடுவிலிருந்து எடுக்காமல் அடியிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பக்க எண்ணிக்கை கூடினால் முதுகு தடிமனாகும், ஒரு புத்தகம் மற்றதைவிட உயரமாகக்கூட வரலாம். அடியிலிருந்து அளந்தால் அலமாரியில் எல்லாப் பட்டைகளும் ஒரே கோட்டில் நிற்கும் என்றார். மூன்று புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரிந்திருக்கும்.

நான்காவதில் இதில் ஒன்றுமே இல்லை. பாதி இருட்டில் ஒரு பெண்ணின் முகம், விலைக்கு வாங்கிய புகைப்படம். தலைப்பு புடைத்த பளபளப்பு எழுத்தில் அட்டையை நிறைத்து நிற்கிறது. என் பெயர் அடியில், கருநீலத்தின் மேல் அடர்சிவப்பில், மெல்லிய எழுத்தில் இருக்கிறது. முதல் மூன்றின் முதுகிலும் எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். இதில் கீழிருந்து மேலாக ஓடுகிறது. நான்கையும் வரிசையாக அடுக்கினால் நான்காவதுக்கு மட்டும் தலையை மறுபக்கம் சாய்க்க வேண்டும்.

படம் அழகில்லை என்பதல்ல என் புகார். வேறு ஒருவர் நாவலுக்கு அது நன்றாகவே பொருந்தியிருக்கும். ஆனால் இது என் புத்தகம் என்று அது யாருக்கும் சொல்லவில்லை.

போன கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேசி முடித்து இறங்கி புத்தக மேசைப் பக்கம் போனேன். நான்கு நாவல்களும் நான்கு அடுக்காக இருந்தன. ஒருவர் முதல் மூன்றையும் எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். நான்காவது அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன்மேல் தன் பையை வைத்துவிட்டுப் பணம் எடுத்தார். கையெழுத்து வாங்கும்போது, "உங்க புது நாவல் எப்பங்க வரும்? வந்ததும் வாங்கணும்" என்று கேட்டார். பையை நகர்த்திப் புத்தகத்தைக் காட்டினேன். "இது உங்களுதா? வேற யாரோ எழுதினதுன்னு நெனச்சேன்" என்றார். வாங்கிக்கொண்டார், சரி. கேட்டதால் வாங்கினார். கேட்காமல் மூன்றோடு போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விற்பனைக் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். நான் முன்னால் நிற்கும் மேசையிலேயே இப்படி என்றால், நான் இல்லாத கடையில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இணையக் கடையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அட்டை கட்டைவிரல் நக அளவில்தான் தெரியும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நான்கு அட்டைகளையும் 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்றில் பெயர் படிக்கக் கிடைக்கும், பூட்டும் கண்ணாடியும் குடையும் அடையாளம் தெரியும். நான்காவதில் ஒரு இருட்டுச் சதுரம் மட்டும் மிஞ்சும். அப்புறம் நான்கையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் மின்நூல் கருவிகளில் பெரும்பாலானவை சாம்பல் நிறத்தில்தான் காட்டும். கருநீலமும் அடர்சிவப்பும் நிறத்தில் வேறு, வெளிச்சத்தில் ஒன்று. சாம்பலாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். என் பெயர் அங்கே இல்லாமலே போகிறது. அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"அட்டையை மட்டும் வைத்து வாசகர் வாங்குவாரா?" என்று உங்கள் கூட்டத்தில் யாரோ கேட்டதாகச் சொன்னார்கள். அட்டை தனியாக வேலை செய்வதில்லை, அதனால்தான் இவ்வளவு வருந்துகிறேன். என் கூட்டங்கள் எல்லாவற்றிலும் பேசுவது ஒரே பொருளைச் சுற்றித்தான்: குடும்பங்கள் எதைப் பேசாமல் மறைக்கின்றன என்பது. நாவல்களும் அதைத்தான் சொல்கின்றன. பேச்சு முடிந்ததும் வந்தவர்களுக்கு ஒரு சிறு அட்டை கொடுப்பேன். அதில் அந்தப் பூட்டுக் கோட்டோவியமும், செய்திமடலில் சேர ஒரு க்யூஆர் குறியீடும் இருக்கும். சேர்ந்தவுடன் இரண்டாவது நாவலிலிருந்து நான் வெட்டி எறிந்த ஒரு அத்தியாயம் வரவேற்பு மடலாகப் போகும். அதன்பின் மாதம் ஒரு மடல், தலைப்பில் அதே எழுத்துரு, அதே கோடு. கூட்டத்தில் கேட்டவர் மடலில் பார்க்கிறார், மடலில் பார்த்தவர் கடையில் அடையாளம் காண்கிறார். இந்த மூன்றையும் கோத்திருக்கும் நூல் அந்தக் கோட்டோவியமும் அந்த எழுத்துருவும்தான். நீங்கள் அதை அறுத்துவிட்டீர்கள்.

அறுந்தது செய்திமடலில் உடனே தெரிந்தது. நான்காவது நாவலை அறிவித்த மடலை வழக்கம்போலத் திறந்தார்கள். அந்த எண்ணிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை. 2021க்குப் பிறகு ஆப்பிளின் அஞ்சல் செயலி, வாசகர் திறக்காத மடலைக்கூடத் திறந்ததாகக் காட்டக்கூடும். நம்பத்தக்கது இணைப்பைச் சொடுக்கியவர்களின் எண்ணிக்கையும் வரும் பதில்களும்தான். மூன்றாவது நாவலுக்குச் சொடுக்கியவர்களில் பாதிப்பேர்கூட இதற்குச் சொடுக்கவில்லை. பதில் எழுதியவர்களில் சிலர் "யாருடைய நாவலைப் பரிந்துரைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். என் மடலில், என் பெயரில், என் நாவலைப் பற்றி எழுதியதற்கு வந்த கேள்வி அது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி அட்டையைத் தவிர வேறெதிலிருந்தும் வந்திருக்க முடியாது.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நான்காவது நாவலின் வெளியீட்டு விழாவில் என் செய்திமடலுக்கென்று வாசகர்கள் தாளில் எழுதிக்கொடுத்த மின்னஞ்சல் முகவரிகளை உங்கள் பொதுப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். அடுத்த வாரமே அவர்களுக்குப் பரீட்சை வழிகாட்டி நூல்களின் தள்ளுபடி விளம்பரம் போனது. அவர்கள் அனுமதி கொடுத்தது ஒரு எழுத்தாளரின் மடலுக்கு. கேட்காததை அனுப்பினால் எரிதம் என்று அழுத்தத்தான் செய்வார்கள். மொத்தமாக மடல் அனுப்புவோர் அந்தப் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஜிமெயில் விதியே கொண்டுவந்துவிட்டது. அதாவது ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் எரிதம் என்று அழுத்தினாலே ஆபத்து. உங்கள் மற்ற மடல்களும் குப்பைப் பெட்டிக்குப் போகும். தயவுசெய்து அந்த முகவரிகளை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு என்னிடம் கொடுங்கள்.

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. "இந்தக் காலத்தில் எழுத்தாளர்தான் தன் வாசகரைத் திரட்ட வேண்டும்" என்று ஒவ்வொரு ஒப்பந்தத்தின்போதும் எங்களிடம் சொல்கிறீர்கள். கூட்டத்துக்கு நாங்கள் போகிறோம், மடலை நாங்கள் எழுதுகிறோம். அட்டை என்று வந்ததும் "நீங்கள் எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறீர்கள். அட்டை எங்கள் கண்ணில் படுவது அச்சகத்துக்குப் போகும் நாளில்தான். அதுவும் ஒரு தகவலாக மட்டும். ஆனால் உங்கள் முத்திரை மட்டும் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கிறது. அதை ஒரு மில்லிமீட்டர் நகர்த்த எந்த வடிவமைப்பாளருக்கும் அனுமதி இல்லை. 1935இல் பென்குவின் நாவல்களுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைகளுக்குப் பச்சை என்று பட்டைகள் போட்ட காலத்திலிருந்து பதிப்பாளர்கள் தங்கள் அடையாளத்தின் மதிப்பை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். எழுத்தாளரின் பெயருக்கு அதே கவனத்தைக் கேட்பது பெரிய ஆசையா?

பழைய பாணி விற்பனைக்கு ஏற்றதல்ல என்று விற்பனைப் பிரிவு நினைத்தால் அதையும் கேட்கத் தயார். எந்தப் பாணியும் ஒருநாள் பழசாகும். நாளை நான் வேறு வகை நாவல் எழுதினால், அதற்கு வேறு முகம் வேண்டும் என்று நானே கேட்பேன், இல்லாவிட்டால் வாசகர் ஏமாறுவார். ஆனால் மாற்றுவதென்றால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பிரதிகள் தீரத் தீர ஒவ்வொன்றாகப் புதிய அட்டையில் வரட்டும். மூன்று ஒரு பக்கம், ஒன்று வேறு பக்கம் என்று நிறுத்துவதுதான் ஆகாது. அட்டை மட்டும் மாறும் மறுபதிப்புக்குப் புது ஐஎஸ்பிஎன் தேவையில்லை என்பதால் கடைகளின் பதிவிலும் குழப்பம் வராது.

முதல் வடிவமைப்பாளர் இப்போது உங்களிடம் இல்லை என்று தெரியும். அவர் செய்த மூல வடிவக் கோப்புகள் உங்கள் கணினியில்தான் இருக்க வேண்டும். எழுத்துருவின் பெயர், பெயர் நிற்கும் இடம், பட்டையின் அளவு, முதுகெழுத்தின் திசை இவற்றை ஒரே பக்கத்தில் குறித்து, ஒரு பிரதியை என்னிடமும் கொடுத்துவிட்டால் யார் வந்தாலும் தொடர முடியும். நான்காவது நாவலுக்குக் கோட்டோவியமாக என்ன போடலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன்: பதினோராவது அத்தியாயத்தில் வரும் பித்தளை மணி.

மறுபதிப்பின் அட்டை அச்சகத்துக்குப் போகும் முன், முழு அளவில் ஒன்று, நக அளவில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என மூன்று மாதிரிகளை எனக்கு அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வந்த அன்றே பார்த்துப் பதில் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாவலாசிரியர்களில் ஒருவர்